ராத்திரிக் கோடுகள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பெரியப்பா வீட்டு அடுக்களைச் சுவரில் நகைக்கடை ஒன்று கொடுத்த மாத நாட்காட்டி எப்போதும் தொங்கும். பெரியம்மா அதில்தான் பால் கணக்கு எழுதுவார். காலையில் சொசைட்டிக்கு ஊற்றிய பாலுக்குத் தேதியின் மேலே கோடுகள், மாலைப் பாலுக்குக் கீழே கோடுகள், எல்லாம் நீல மையில் இருக்கும். 2017 ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து அதே கட்டங்களில் சிவப்பு மையில் வேறு கோடுகளும் சேரத் தொடங்கின. பெரியப்பாவுக்கு வயிற்றுப்போக்கு நிற்காமல் போனபோது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று குறித்துக்கொண்டு வரும்படி சித்தூர் வைத்தியர் சொல்லியிருந்தார். பால் கணக்கு எழுதிப் பழகிய கை என்பதால், பகலில் போனதை மேலேயும் இரவில் போனதைக் கீழேயும் பெரியம்மா தானாகவே பிரித்து எழுதினார். கீழே விழுந்த அந்தக் கோடுகளுக்கு என்ன பொருள் என்பதை மூன்று ஆண்டுகளுக்கு மேல் யாருமே கேட்கவில்லை. அணு மருத்துவத் துறையில் ஸ்கேன் தொழில்நுட்பராக வேலை செய்யும் நானும் கேட்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வைத்தியர் அதைக் கிராணி என்றார், அரிஷ்டம் கொடுத்தார். பிறகு பார்த்த மருத்துவர் கவலையால் வரும் குடல் எரிச்சல் என்றார். இரண்டும் முதல் பார்வைக்குப் பொருத்தமாகவே இருந்தன. பெரியப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை, மலத்தில் ரத்தம் இல்லை, தோப்பு வேலையும் நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஆறு, ஏழு தடவை தண்ணீராகப் போகும், அவ்வளவுதான். அதோடு இன்னொன்றும் இருந்தது. திடீரென்று முகம், கழுத்து, மேல் மார்பு முழுவதும் அனல் அடித்தது போல ஒரு காந்தல் வரும், மூன்று நான்கு நிமிடம் இருக்கும், தானே போய்விடும். கறுத்த தோல் என்பதால் சிவப்பு பெரிதாகத் தெரியாது. கண் கலங்கியிருப்பதையும் காது மடல் சுடுவதையும் பக்கத்தில் இருப்பவர்கள்தான் கவனிக்க முடியும். எங்கள் பக்கம் கள்ளுக்குப் பேர் போனது. சித்தூர் தாலுகாவில் இறக்கும் கள் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குப் போகிறது. பெரியப்பாவும் சாயங்காலத்தில் ஒரு குப்பி குடிப்பவர்தான், குடித்த சிறிது நேரத்தில் காந்தல் கூடும். ஆகவே வீட்டில் எல்லோருக்கும் காரணம் தெளிவாகத் தெரிந்தது போலவே இருந்தது. "கள்ளு குடிச்சாத்தான மூஞ்சி காந்துது, விட்டுத் தொலைங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு" என்று பெரியம்மா என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

காந்தலும் கழிச்சலும் ஒரே ஆளிடம் சேர்ந்து வரும்போது அவற்றைத் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்பதை நான் பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன். வெளிநாட்டுப் பாடப் புத்தகத்தின் படத்தில் வெள்ளைத் தோல்காரர் ஒருவரின் முகம் செக்கச் செவேலென்று இருக்கும். அந்தப் படத்தோடு எங்கள் பெரியப்பாவின் முகத்தை என் மனம் ஒரு நாளும் ஒட்டிப் பார்க்கவில்லை.

2019 இல் சாப்பிட்ட பிறகு தொப்புளைச் சுற்றி இழுத்துப் பிடிக்கும் வலி தொடங்கியது. கோவையில் ஒரு மருத்துவமனையில் வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்தின் அருகே, குடலைத் தாங்கிப் பிடிக்கும் நடுமடிப்புச் சவ்வில் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கட்டியும், அதனுள் சுண்ணாம்புப் படிவும் இருந்தன. நம் நாட்டில் அந்த இடத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தால் மருத்துவர் மனத்தில் முதலில் எழுவது குடல் காசநோய்தான், அது தவறான எண்ணமும் அல்ல. தவறு அடுத்த படியில் நடந்தது. சதை எடுத்துச் சோதிக்காமலே ஆறு மாதக் காசநோய் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். பெரியப்பா ஒரு நாள்கூடத் தவறாமல் அதை விழுங்கினார். சிவப்புக் கோடுகள் குறையவில்லை.

பின்னாளில் அந்தப் படத்தை நான் எடுத்து வைத்துப் பார்த்தேன். காசநோயில் வீங்கிய நிணநீர்க் கணுவின் நடுப்பகுதி பெரும்பாலும் அழுகி, படத்தில் கறுத்தும் ஓரம் மட்டும் வெளுத்தும் தெரியும். இங்கே கட்டி முழுவதும் திடமாக இருந்தது. அதிலிருந்து நாலா பக்கமும் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நார்க் கோடுகள் ஓடி, சுற்றியிருந்த குடல் வளையங்களைத் தன் பக்கம் இழுத்துச் சுருக்கியிருந்தன. பெரியப்பாவுக்கு உண்மையில் இருந்தது, குடலின் சுரப்பு உயிரணுக்களில் தோன்றும் நியூரோ எண்டோக்ரைன் கட்டி. அந்த ஆரக்கால்கள்தான் இந்த நோயின் கையெழுத்து. கட்டி சுரக்கும் பொருள்கள் சவ்வில் நாரை வளரச் செய்கின்றன, அந்த நார் குடலை மடக்குகிறது, அதனால்தான் சாப்பிட்ட பிறகு வலி வருகிறது. மேலும் அந்த சி.டி., ஈரல் சிரை வழியாக மருந்து பரவும் நேரத்தில் ஒரே ஒரு தடவை மட்டும் எடுக்கப்பட்டிருந்தது. இந்தக் கட்டிகள் தமனி ரத்தத்தை நிறையக் குடிப்பவை. மருந்து தமனியில் ஓடும் முதல் அரை நிமிடத்தில் கல்லீரலில் பளிச்சென்று ஒளிரும், சிரை நேரம் வரும்போது சுற்றியுள்ள கல்லீரலும் அதே அளவு வெளுத்துவிடுவதால் அதில் கரைந்து போகும். இரண்டு நேரத்திலும் எடுத்திருந்தால் கல்லீரலில் இருந்தவை அன்றைக்கே தெரிந்திருக்கலாம். குடிக்கக் கொடுத்த வெள்ளை மருந்தும் குடலை நிரப்பி, குடல் சுவரில் ஒளிரக்கூடிய சின்னக் கட்டிகளை மறைத்திருந்தது. இந்தக் கட்டியைத் தேடும்போது அந்த வெள்ளை மருந்துக்குப் பதிலாகத் தண்ணீர் போன்ற திரவத்தைத்தான் குடிக்கக் கொடுக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு வேறொரு காரணத்துக்காக எடுத்த அல்ட்ராசவுண்டில் கல்லீரலில் நான்கைந்து புள்ளிகள் தெரிந்தன. அப்போது நான் வேலை பார்த்த இடத்துக்கே பெரியப்பாவை அழைத்து வந்து பெட் ஸ்கேன் எடுத்தேன். அங்கே இருந்தது சர்க்கரையை ஏற்றி எடுக்கும் எஃப்.டி.ஜி. வகை மட்டுமே. வேகமாகப் பெருகும் புற்று நிறையச் சர்க்கரையை விழுங்கும், ஆகவே ஒளிரும். பெரியப்பாவின் கல்லீரல் புள்ளிகள் ஒளிரவில்லை. "பயப்பட ஒண்ணும் இல்லைங்க பெரியப்பா, பழைய காசநோய்த் தழும்பா இருக்கும்" என்று நான்தான் சொன்னேன். மெதுவாக வளரும் நியூரோ எண்டோக்ரைன் கட்டி சர்க்கரையை அதிகம் கேட்பதில்லை, ஆகவே எஃப்.டி.ஜி. படம் வெறுமையாக இருப்பது அது இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. இது எனக்குத் தெரிந்த செய்தி. தெரிந்திருந்தும் சொந்த வீட்டு ஆளின் படத்தைப் பார்த்தபோது ஆறுதல் தரும் விளக்கத்தையே கை நீட்டி எடுத்துக்கொண்டேன்.

2021 தொடக்கத்தில் பார்த்த இரைப்பை குடல் மருத்துவர் ஒருவர்தான் நாட்காட்டியைக் கொண்டுவரச் சொன்னார். பெரியம்மா பதினைந்து மாதத் தாள்களைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு எடுத்து வந்திருந்தார். மருத்துவர் அவற்றை மேசையில் விரித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

"கீழ இருக்கறதெல்லாம் ராத்திரியாம்மா?"

"ஆமாங்க சார். ரெண்டு மணிக்கு ஒண்ணு, விடியறதுக்குள்ள இன்னொண்ணு. தூக்கத்துலயே எழுப்பி விட்டுருதுங்க."

"இந்த ஆறு நாள் பக்கத்துல வேல் படம் போட்டிருக்கீங்களே, அது என்ன?"

அது கந்தசஷ்டி விரதம். பெரியப்பா ஆண்டுதோறும் இருப்பவர், அந்த ஆறு நாளும் கள்ளைத் தொட மாட்டார். ஐந்து நாள் ஒரு வேளைப் பாலும் பழமும்தான், ஆறாம் நாள் சூரசம்ஹாரம் முடியும்வரை தண்ணீர் மட்டுமே. அந்த ஆறாம் நாளின் கட்டத்திலும் மேலே நான்கு கோடும் கீழே இரண்டு கோடும் இருந்தன. கள் இல்லாத அந்த நாள்களில் காந்தல் வந்ததா என்று மருத்துவர் கேட்டார். வந்தது என்றார் பெரியப்பா, பழனி படியேறும்போது இரண்டு தடவை உட்கார்ந்து எழ வேண்டியிருந்தது என்றும் சொன்னார். அந்தக் காந்தலின்போது வியர்த்ததா என்று கேட்டதற்கு, வியர்வையே இல்லாமல் உலர்ந்த சூடாகத்தான் இருந்தது என்றார்.

குடல் எரிச்சல் நோயில் கழிச்சல் ஆளைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது அரிது. சாப்பாடு சேராமல் வரும் கழிச்சல், சாப்பாட்டை நிறுத்தினால் அடங்கும். பட்டினி கிடக்கும்போதும் நடு இரவிலும் ஒரே அளவில் போய்க்கொண்டிருந்தால், குடல் சுவரைத் தண்ணீர் சுரக்கும்படி உள்ளேயிருந்து ஏதோ ஒரு பொருள் தூண்டுகிறது என்று பொருள். வறண்ட காந்தலும் அதோடு சேர்ந்தால் அந்தப் பொருளைச் சுரப்பது எது என்று தேட வேண்டும். மருத்துவர் அன்றைக்கே நியூரோ எண்டோக்ரைன் கட்டி என்று தாளில் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.

இந்தக் கட்டிகளுக்குக் கார்சினாய்டு என்ற பழைய பெயரும் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகர நோய்க்குறியியலாளர் சீக்ஃபிரீட் ஓபர்ன்டோர்ஃபர் 1907 இல் வைத்த பெயர் அது, புற்றுநோய் போன்றது என்று பொருள் தரும். சாதுவானவை என்று கருதியே அவர் அப்பெயரை வைத்தார். 1929 இல் அவரே இவை பரவவும் கூடும் என்று திருத்திச் சொன்னார், ஆனால் முதலில் வைத்த பெயரின் மெத்தனம் நெடுங்காலம் நீடித்தது. குடலின் உள்பூச்சில் தூவினாற்போல் அங்கங்கே இருக்கும் ஒரு வகைச் சுரப்பு உயிரணுக்களில் இவை தொடங்குகின்றன. இலியத்தில் தோன்றுபவை செரடோனின் என்ற பொருளை ஏராளமாகச் செய்கின்றன, கழிச்சலுக்கு முக்கியக் காரணம் அதுதான். காந்தலை உண்டாக்குபவை அதோடு வெளிவரும் டாக்கிகைனின் போன்ற வேறு பொருள்கள்.

இந்த இடத்தில் உடலமைப்பு ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதித் தேடல் எளிதாகும். குடலிலிருந்து வரும் ரத்தம் முழுவதும் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. குடலில் மட்டும் கட்டி இருக்கும்வரை, அது சுரக்கும் செரடோனினைக் கல்லீரல் வழியிலேயே சிதைத்துவிடுகிறது. ஆகவே அந்தக் கட்டம் பெரும்பாலும் காந்தலோ கழிச்சலோ இல்லாமல் கடந்து போகும். கட்டி கல்லீரலுக்கே பரவி, அங்கிருந்து சுரப்பது சிதைபடாமல் நேரே பொது ரத்தத்தில் கலக்கும்போதுதான் அறிகுறிகள் தொடங்குகின்றன. நுரையீரலிலோ சூலகத்திலோ தோன்றும் கட்டிகள் இதற்கு விலக்கு, அவற்றின் ரத்தம் கல்லீரலைத் தொடாமல் போகிறது. எனவே காந்தலும் கழிச்சலும் உள்ள ஒருவரிடம், கல்லீரலில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது, மூலக் கட்டி பெரும்பாலும் சிறுகுடலில் இருக்கிறது என்று எந்தப் படமும் எடுக்காமலே ஓரளவு சொல்லிவிட முடியும். கல்லீரலைத் தாண்டிய பொருள்கள் அடுத்துச் சேருமிடம் இதயத்தின் வலப்பக்கம், அங்கே வால்வுகளைத் தடிக்கச் செய்யும். நுரையீரல் அவற்றைச் சிதைப்பதால் இடப்பக்கம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. பெரியப்பாவுக்கு எக்கோ எடுத்ததில் வலப்பக்க மூவிதழ் வால்வில் சிறு கசிவு மட்டும் இருந்தது.

சந்தேகத்தை உறுதிப்படுத்த 24 மணி நேரச் சிறுநீர் சோதனை. செரடோனின் சிதைந்து உண்டாகும் 5-ஹெச்.ஐ.ஏ.ஏ. என்ற பொருள் சிறுநீரில் ஒரு நாளில் எவ்வளவு வெளியேறுகிறது என்று அளப்பார்கள். பெரும்பாலான ஆய்வகங்களில் 8 அல்லது 10 மில்லிகிராம் வரை இயல்பு. பெரியப்பாவுக்கு முதல் தடவை 17 வந்தது. நாங்கள் உறுதியாகிவிட்டது என்று நினைத்தோம், மருத்துவர் ஏற்கவில்லை.

"முந்தா நாள்ல இருந்து என்னங்கய்யா சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

காலையில் புட்டும் அவித்த நேந்திரம்பழமும், மதியம் தக்காளி ரசமும் கத்தரிக்காய்க் கூட்டும், மாலையில் அன்னாசிப்பழம். பாலக்காட்டுப் பக்கத்து வீட்டில் இதைவிட இயல்பான சாப்பாடு இருக்க முடியாது. ஆனால் வாழைப்பழத்திலும் அன்னாசியிலும் செரடோனின் நிறையவே இருக்கிறது, தக்காளியிலும் கத்தரிக்காயிலும் ஓரளவு இருக்கிறது. சாப்பிட்ட செரடோனினும் அதே பொருளாகவே சிறுநீரில் போய்ச் சேரும். ஒரு நோயும் இல்லாதவர்கூட நேந்திரம்பழம் இரண்டைச் சாப்பிட்டுவிட்டுச் சோதித்தால் இயல்பைத் தாண்டிய எண் வரலாம். வால்நட், வெண்ணெய்ப்பழம், கிவிப்பழம் ஆகியவற்றையும் மூன்று நாள் தவிர்க்க வேண்டும். சில வகை இருமல் மருந்தும் பாராசிட்டமாலும்கூடச் சில சோதனை முறைகளைக் குழப்பும்.

சேகரித்த முறையிலும் ஒரு பிழை இருந்தது. முதல் நாள் காலை எழுந்ததும் கழிக்கும் சிறுநீரை விட்டுவிட்டு, அதன் பிறகு கழிப்பதையெல்லாம், மறுநாள் காலை முதல் சிறுநீர் உட்பட, அமிலம் ஊற்றிய கேனில் பிடிக்க வேண்டும் என்பது விதி. நாளுக்கு ஏழு தடவை மலம் கழிப்பவர் ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் சிறுநீரும் கூடவே போய்விடும். பெரியப்பாவின் கேனில் வந்து சேர்ந்தது பாதிகூட இருக்காது. ஒருவரிடம் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கிரியேட்டினைனையும் அதே கேனில் அளந்தபோது அது மிகக் குறைவாக இருந்ததால் மருத்துவருக்கு இது பிடிபட்டது. சாப்பாடு எண்ணை ஏற்றியிருந்தது, இழந்த சிறுநீர் எண்ணைக் குறைத்திருந்தது, ஆகவே அந்த 17 ஒன்றையும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை பெரியம்மா மூன்று நாள் தக்காளி இல்லாத மிளகு ரசமும் பூசணிக்காய்க் கூட்டும் வைத்தார். முதலில் கேனில் சிறுநீர் கழித்துவிட்டு அதன் பிறகே கழிப்பறையில் உட்கார வேண்டும் என்று பெரியப்பாவுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். இந்தத் தடவை வந்தது 86. உணவால் வரக்கூடிய ஏற்றம் இந்த அளவுக்குப் போகாது.

அடுத்து இடத்தைக் காண வேண்டும். சிறுகுடலின் நடுப்பகுதி எளிதில் எட்டாத இடம். வாய் வழியாகப் போகும் எண்டோஸ்கோப் அதன் தொடக்கத்தோடு நின்றுவிடும், கீழிருந்து போகும் கொலனோஸ்கோப் இலியத்தின் கடைசிச் சில அங்குலங்களை மட்டும் எட்டிப் பார்க்கும். காமிரா வில்லையை விழுங்கச் சொல்லலாம், ஆனால் நார் இழுத்து மடக்கிய குடலில் அது சிக்கிக்கொண்டால் அவசர அறுவைதான். மூலக் கட்டியோ மிளகு முதல் கோலிக்குண்டு வரையிலான அளவில், உள்பூச்சுக்கு அடியில் பதுங்கியிருக்கும், குடலோ அசைந்துகொண்டே இருக்கும்.

இங்கேதான் கேலியம் ஸ்கேன் உதவுகிறது. இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் சோமடோஸ்டாட்டின் என்ற நம் உடலின் இயக்குநீரைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் மிக அதிகமாக இருக்கின்றன. அந்த ஏற்பியில் போய் ஒட்டக்கூடிய டோட்டாடேட் என்ற சிறு புரதத் துண்டில் கேலியம்-68 என்ற கதிரியக்க அணுவைக் கட்டி நரம்பில் செலுத்தினால், அது கட்டியைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு தன் இருப்பிடத்தைக் காட்டும். அப்போது நான் கேலியம் ஸ்கேன் உள்ள வேறு மையத்துக்கு மாறியிருந்தேன். கேலியம்-68 இன் பாதி ஆயுள் 68 நிமிடமே, ஆகவே வெளியூரிலிருந்து வாங்கி வைக்க முடியாது. ஜெர்மானியம்-68 நிரப்பிய ஒரு சிறு ஜெனரேட்டர் எங்கள் அறையிலேயே இருக்கிறது. அதன் பாதி ஆயுள் 271 நாள், அது சிதையச் சிதைய உள்ளே கேலியம் ஊறிக்கொண்டே இருக்கும். காலையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அதன் வழியாக மெல்லச் செலுத்திக் கேலியத்தைக் கறந்தெடுப்போம். உண்மையிலேயே கறத்தல் என்றுதான் எங்கள் தொழிலில் சொல்கிறோம், பெரியம்மாவுக்கு இதை விளக்குவது அதனால் எளிதாக இருந்தது. கறந்ததை டோட்டாடேட்டோடு கலந்து, அமிலத்தன்மையைச் சரிசெய்து, ஏறக்குறைய 95 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கி, ஒட்டாத கேலியத்தை நீக்கி, தூய்மையைச் சோதித்த பிறகே ஊசியில் ஏற்றுவோம். அத்தனையும் கடிகாரத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும்.

அன்று பெரியப்பாவுக்கு நான் ஊசி போடவில்லை, கை நடுங்கும் என்று சக ஊழியரிடம் கொடுத்துவிட்டேன். ஒரு மணி நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுத்தார். திரையில் படம் கீழிருந்து மேலாக நிரம்பி வந்தது. சிறுநீரகங்களும் மண்ணீரலும் எல்லோருக்கும் ஒளிரும், அட்ரீனலும் பிட்யூட்டரியும் ஓரளவு ஒளிரும், அவற்றைக் கண்டு பதறக் கூடாது. கணையத்தின் தலைப்பகுதியில் கொக்கி போல வளைந்திருக்கும் பாகமும் இயல்பாகவே ஒளிரலாம், அனுபவம் இல்லாதவர் அதைக் கட்டி என்று எழுதிவிடுவதுண்டு. பெரியப்பாவின் படத்தில் இவை போகக் கல்லீரலில் ஒன்பது இடங்களும், சவ்வில் அந்தப் பழைய ஆரக்கால் கட்டியும், இலியத்தில் அடுத்தடுத்து இரண்டு சின்னப் புள்ளிகளும் சுடர் போல எரிந்தன. சர்க்கரை ஸ்கேனில் இருண்டு கிடந்த அதே கல்லீரல்.

கல்லீரலில் ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் என்ற இரண்டு சாயங்களும் பிடித்ததால் நியூரோ எண்டோக்ரைன் என்பது உறுதியானது. சி.டி.எக்ஸ்.2 என்ற சாயமும் பிடித்தது, அது மூலம் சிறுகுடல் பக்கம் என்பதைக் காட்டும். மூலம் தெரியாமல் கல்லீரலில் மட்டும் கட்டி கிடைத்தவர்களுக்கு இந்தச் சாயமே முகவரி சொல்லும். எத்தனை உயிரணுக்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்பதைக் காட்டும் கேஐ-67 அளவு 2 விழுக்காடு. 3 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் முதல் தரம், மிக மெதுவாக வளர்வது. எஃப்.டி.ஜி. படம் ஏன் இருண்டிருந்தது என்பதற்கும் அந்த 2 தான் விடை.

கல்லீரலுக்குப் பரவிய பிறகு குடலில் உள்ள மூலத்தை எடுக்க வேண்டுமா என்பதில், தொந்தரவு இல்லாதவர்களைப் பொறுத்தவரை மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெரியப்பாவுக்குக் குடல் இழுபட்டு வலித்துக்கொண்டிருந்தது, நார் ரத்தக் குழாயையும் நெருக்கத் தொடங்கியிருந்தது, எனவே எடுத்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும்போதோ கட்டியைக் கையாளும்போதோ உள்ளே உள்ள பொருள்கள் ஒரேயடியாக வெளியேறி ரத்த அழுத்தம் சரிந்துவிடும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்க முன்பிருந்தே ஆக்ட்ரியோடைட் மருந்தை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அறுவை மருத்துவர் சிறுகுடல் முழுவதையும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை விரல்களுக்கிடையே மெல்ல அழுத்தி ஓட்டிப் பார்த்தார். எங்கள் ஸ்கேனில் தெரிந்தவை இரண்டு, அவர் விரலில் தட்டுப்பட்டவை நான்கு. மிகச் சிறியது நான்கு மில்லிமீட்டர். இந்த நோயில் மூலக் கட்டிகள் பலவாக இருப்பது வழக்கம், அந்த அளவில் உள்ளதைக் கேலியம் படமும் தவறவிடும். படத்தில் எண்ணிய அளவோடு நிறுத்தியிருந்தால் இரண்டு உள்ளேயே தங்கியிருக்கும். இலியத்தில் ஏறக்குறைய 60 சென்டிமீட்டரும் சவ்வின் கட்டியும் எடுக்கப்பட்டன. இனித் தொடர்ந்து போடப்போகும் ஆக்ட்ரியோடைட் பித்தக்கல்லை உண்டாக்கக்கூடும் என்பதால் பித்தப்பையையும் அப்போதே எடுத்துவிட்டார்கள்.

28 நாளுக்கு ஒருமுறை இடுப்பில் ஆழமாகப் போடும் 30 மில்லிகிராம் நீடித்த ஆக்ட்ரியோடைட் ஊசி தொடங்கியது. அதே ஏற்பியில் உட்கார்ந்து சுரப்பை அடக்கும் மருந்து அது. காந்தல் ஒரே மாதத்தில் அடங்கியது. கழிச்சல் குறைந்து, இரண்டாம் மாதம் மறுபடி ஐந்தாக ஏறியது. கட்டி வளர்ந்துவிட்டதோ என்று எல்லோரும் கலங்கினோம். மருத்துவர் மறுபடியும் நாட்காட்டியையே கேட்டார். சிவப்புக் கோடுகள் அத்தனையும் தேதிக்கு மேலேதான் இருந்தன, கீழே ஒன்றுகூட இல்லை. சாப்பிட்டவுடன் போகிறதா, எண்ணெய் மிதக்கிறதா என்று கேட்டார்.

"எண்ணெயெல்லாம் இல்லைங்க சார். சாப்பிட்டு எந்திரிச்சாப் போகுது, மஞ்சத் தண்ணியாட்ட எரிச்சலோட போகுது. பட்டினி கெடந்தாப் போறதில்லைங்க."

எண்ணெய் மிதந்திருந்தால் ஊசி கணையச் சுரப்பை அடக்கியதால் வந்தது என்று கொள்வார்கள். இது வேறு. பித்த உப்புகளைத் திரும்ப உறிஞ்சும் வேலையை இலியத்தின் கடைசிப் பகுதிதான் செய்கிறது. அதை வெட்டி எடுத்ததால் பித்தம் பெருங்குடலுக்குப் போய் எரிச்சலூட்டித் தண்ணீரைச் சுரக்க வைத்தது. கோலெஸ்டிரமின் என்ற தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொன்னார். அது மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் அவற்றிலிருந்து சில மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும். பத்து நாளில் கோடுகள் இரண்டுக்கு வந்தன.

இப்போது பெரியம்மா ஊசி போடும் தேதியைப் பச்சை மையில் வட்டமிடுகிறார். ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கேலியம் ஸ்கேனை அந்த வட்டத்துக்கு முந்தைய நாளில் வைத்துக்கொள்கிறோம். போட்ட மருந்தே ஏற்பிகளை அடைத்துக்கொண்டிருந்தால் படத்தை நம்பிப் படிக்க முடியாது, அடுத்த ஊசிக்கு முந்தைய நாளில்தான் அந்த அடைப்பு மிகக் குறைவாக இருக்கும். சென்ற மாதம் நான் போன் செய்து தேதி கேட்டபோது, "வட்டத்துக்கு மொத நாள்தான கண்ணு, நான் அப்பவே பென்சில்ல புள்ளி வெச்சுட்டேன்" என்றார்.